வீட்டுப்பாடம் 'ஏஐ எழுதியது' என்று டிடெக்டர் சொன்னால்: வகுப்பாசிரியரைச் சந்திப்பதற்கான முழு வழிகாட்டி

பள்ளியிலிருந்து வரும் தகவல் பெரும்பாலும் இரண்டே வரிதான். "உங்கள் மகளின் இங்கிலீஷ் அசைன்மென்ட் 78% ஏஐ என்று காட்டுகிறது. நாளை வந்து பார்க்கவும்." இதைப் படித்ததும் பெற்றோர் இரண்டு வழியில் போவார்கள். ஒன்று, பிள்ளையைப் பிடித்து உலுக்குவது. இல்லையென்றால், எழுத்தைப் பார்த்து 'இது ஏஐ எழுதியதா' என்று கணிக்கும் அந்த டிடெக்டர் மென்பொருளே பொய் என்று நிரூபிக்க இரவு முழுக்கத் தேடுவது. இரண்டுமே மறுநாள் பேச்சைக் கெடுக்கும். ஆசிரியரிடம் நீங்கள் பேச வேண்டியது அந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது என்பதைப் பற்றி. 78 என்ற எண்ணைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்தான்.

இங்கே ஒரு மாதிரிச் சூழலை வைத்துக்கொண்டே போவோம். சென்னையில் சிபிஎஸ்இ பள்ளி, ஒன்பதாம் வகுப்பு மாணவி. தன் பகுதியில் நிலவும் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி 350 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை. கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்து, கூகுள் கிளாஸ்ரூம் வழியாகக் கொடுத்திருக்கிறாள்.

முதல் மாலை: பிள்ளையிடம் எப்படிக் கேட்பது

"ஏஐ யூஸ் பண்ணியா, இல்லையா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறைய பிள்ளைகளுக்கு ஏஐ என்றால் சாட்ஜிபிடி மட்டும்தான். தமிழில் எழுதி கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டது, கிராமர்லி வாக்கியத்தையே மாற்றிக் கொடுத்தது, குவில்பாட்டில் போட்டு 'வேறு மாதிரி' ஆக்கியது, டியூஷன் மிஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்தியை அப்படியே இறக்கியது எதுவும் அவர்கள் கணக்கில் வராது. டியூஷன் மிஸ் அந்தப் பத்தியை எங்கிருந்து எடுத்தார் என்பது பிள்ளைக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அதனால் வேலை நடந்த வரிசையைக் கேளுங்கள். முதலில் எதில் எழுதினாய், போனிலா, கம்ப்யூட்டரிலா, நோட்டிலா? முதல் வாக்கியம் எது? எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்? எங்காவது காப்பி செய்து ஒட்டினாயா, எங்கிருந்து? யார் திருத்திக் கொடுத்தது? பதில் வரும்போது முகம் மாறாமல் கேட்டுக்கொள்வது பெற்றோருக்குக் கஷ்டம்தான். ஆனால் இன்று வராத உண்மை நாளை ஆசிரியர் மேசையில் வந்தால் அது இரட்டிப்பாக அடிக்கும்.

நம் உதாரண மாணவி சொல்வது இது: கட்டுரை முழுக்கத் தானே எழுதியது. ஆனால் தொடக்கப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் வரவில்லை. அதனால் தமிழில் எழுதி டிரான்ஸ்லேட்டில் போட்டு ஒட்டினாள், அறுபது சொற்கள் இருக்கும். இது பள்ளி விதிப்படி தவறா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் இதை நாளை நீங்களாகவே சொல்லப் போகிறீர்கள் என்று பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொள்வதற்கும் நாமே முந்திச் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த அறையில் தெரியும்.

கோப்பில் கை வைக்காதீர்கள்

கூகுள் டாக்ஸ் ஒரு கட்டுரை வளர்ந்த வரலாற்றைத் தானாகவே சேமித்து வைக்கிறது. கம்ப்யூட்டர் பிரவுசரில் கோப்பைத் திறந்து `File > Version history > See version history` போனால், வலப்பக்கம் தேதியும் நேரமும் வரிசையாக வரும். ஒரு நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் அதை அழுத்துங்கள், அதற்குள் இருக்கும் சிறு சிறு பதிப்புகளும் விரியும். அந்தந்தக் கட்டத்தில் சேர்ந்தது வண்ணத்தில் தெரியும், நீக்கியது குறுக்குக் கோட்டோடு தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. திருத்தும் உரிமை உள்ளவருக்குத்தான் இந்த வரலாறு தெரியும். கிளாஸ்ரூமில் சமர்ப்பித்த பிறகு, ஆசிரியர் திருப்பித் தரும் வரை மாணவிக்கு அந்த உரிமை இருக்காது, ஆசிரியரிடம் இருக்கும். வீட்டில் பார்க்க முடியவில்லையே என்று `Unsubmit` அழுத்திவிடாதீர்கள். கெடு தாண்டியிருந்தால் மறுபடி கொடுக்கும்போது தாமதம் என்று பதிவாகும். பிரச்சினைக்குப் பிறகு கோப்பைத் திறந்து ஏதோ செய்தார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியரின் திரையில், இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் நல்லது.

வேர்டில் எழுதியிருந்தால், ஒன்டிரைவில் சேமித்த கோப்புகளுக்கு `File > Info` பக்கத்தில் இதேபோல் பதிப்பு வரலாறு கிடைக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் சேமித்த கோப்பு என்றால் அதே பக்கத்தில் `Total Editing Time` என்று ஒரு வரி இருக்கும். அது வலுவான சான்று அல்ல. கோப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் நிமிடம் ஏறும். கையால் எழுதியது என்றால் ரஃப் நோட்டு, அடித்துத் திருத்திய தாள், குறிப்பு எடுத்த பக்கம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். அழகாகத் திரும்ப எழுதி எடுத்துப் போக வேண்டாம்.

இன்னொன்று. கட்டுரையை வேறு நான்கு இலவச டிடெக்டர்களில் போட்டு, குறைவாகக் காட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றும். ஒன்று 12 காட்டும், ஒன்று 90 காட்டும். குறைந்ததை நீங்கள் நீட்டினால், கூடியதை ஆசிரியர் நீட்டலாம். அந்தப் பேச்சுக்கு முடிவே இல்லை.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது

டிடெக்டர் யார் எழுதினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. மாணவி தட்டச்சு செய்ததை அது பார்த்ததே இல்லை. முடிந்த எழுத்தை வைத்துக்கொண்டு, இது இயந்திரம் எழுதும் எழுத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணிக்கிறது. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாகவும், வாக்கியங்கள் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருந்தால் சந்தேகம் கூடும்.

நம் பிள்ளைகள் அடிபடுவது இந்த இடத்தில்தான். கட்டுரை, கடிதம், அறிக்கை எல்லாவற்றுக்கும் பள்ளியில் ஒரு அச்சு சொல்லித் தருகிறோம். "வாட்டர் இஸ் தி எலிக்சர் ஆஃப் லைஃப்" என்று தொடங்க வேண்டும், "ப்ளேஸ் எ வைட்டல் ரோல்" நடுவில் வர வேண்டும், "டு கன்க்ளூட்" என்று முடிக்க வேண்டும். அதற்குத்தான் மார்க். நல்ல பிள்ளையாக அந்த அச்சை மனப்பாடம் செய்து எழுதினால், அது இயந்திரம் எழுதியது போலவே இருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. 2023-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளை 'ஏஐ' என்று தவறாகச் சொன்ன விகிதம் சராசரியாக 61 சதவீதம். அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அதே கருவிகள் பெரும்பாலும் சரியாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டது. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: எல்லாக் கருவிகளும் ஒன்றல்ல. பள்ளிகளும் கல்லூரிகளும் பணம் கட்டி வாங்கும் டர்னிடின் அந்த ஆய்வில் இல்லை. அந்த நிறுவனம் தன் தவறு விகிதம் மிகக் குறைவு என்கிறது. ஆனால் அதுவே 300 சொற்களுக்குக் குறைந்த ஆங்கில எழுத்தைச் சோதிப்பதில்லை, 20 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் எண்ணையே காட்டாமல் நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறது.

78% என்பதன் பொருளும் கருவிக்குக் கருவி வேறு. சிலவற்றில் அது கட்டுரையில் எவ்வளவு பகுதி சந்தேகத்துக்கு உரியது என்ற அளவு. சிலவற்றில் கட்டுரை மொத்தமாக ஏஐ எழுதியதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணிப்பு. எங்கிருந்தோ காப்பி அடித்த அளவு என்று மட்டும் இரண்டுக்குமே பொருள் இல்லை. அதற்கு வேறு அறிக்கை உண்டு, பல சமயம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் வகுப்பில் 5 பேர் ஏஐ வைத்து எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அதில் 4 பேரைப் பிடிக்கிறது. மீதி 35 பேரில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் தவறு செய்கிறது, அதாவது ஏறக்குறைய 2 பேர். ஆக மாட்டிய 6 பேரில் 2 பேர் நிரபராதிகள். நல்ல கருவியிலேயே இப்படி. ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள்: மாட்டியவர்களில் பாதிக்கு மேல் உண்மையிலேயே செய்தவர்கள். ஆசிரியர் சந்தேகப்படுவது அநியாயம் இல்லை.

நேரம் கேட்பது

காலையில் கேட்டில் நின்றோ, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ இதைத் தொடங்காதீர்கள். டைரியிலோ பள்ளி ஆப்பிலோ தனியாக எழுதுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம் மேடம். கட்டுரை பற்றிய தகவல் பார்த்தோம். மகளிடம் பேசிவிட்டோம், உங்களிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? டிடெக்டரின் முழு அறிக்கையும், கிளாஸ்ரூமில் அந்தக் கோப்பும் அப்போது திறந்திருந்தால் உதவியாக இருக்கும். இங்கிலீஷ் மிஸ்ஸும் இருந்தால் நல்லது. அதுவரை மார்க்கை முடிவு செய்யாமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இங்கிலீஷ் மிஸ் இருப்பது முக்கியம். வகுப்பாசிரியர் பல சமயம் கணக்கோ அறிவியலோ நடத்துபவர். கட்டுரையைத் திருத்தியவர் அவர் இல்லை, எண் மட்டும்தான் அவர் கைக்கு வந்திருக்கும். தன்னிடம் இல்லாத விவரத்தைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பிள்ளையை முதலிலிருந்தே உட்கார வைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் பெரியவர்கள் பேசி, பிறகு கூப்பிடலாம்.

சந்திப்பில்

முதல் வாக்கியம் நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும். "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று தொடங்கினால் ஆசிரியர் 'சொல்லியிருக்கிறாள்' என்று காட்ட வேண்டிய நிலைக்குப் போய்விடுவார். அதற்குப் பதிலாக: "மேடம், எப்படி எழுதினான்னு நேத்து கேட்டோம். முதல் பாரா டிரான்ஸ்லேட்ல போட்டு ஒட்டினதா சொன்னா. மீதி தானே எழுதினதா சொல்றா. அதை உங்ககூடச் சேர்ந்து பார்த்துடலாம்னு வந்தோம்."

அடுத்து, எண்ணுக்குப் போகும் முன் ஒரு கேள்வி: "டிடெக்டர் சொல்றதுக்கு முன்னாடி, படிக்கும்போது உங்களுக்கு ஏதாவது உறுத்திச்சா மிஸ்?" இந்தச் சந்திப்பின் மிக உபயோகமான கேள்வி இதுதான், பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். "வகுப்புல எழுதுற இங்கிலீஷ் இது இல்லைங்க" என்று அவர் சொல்லலாம். இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டியிருக்கிறது, நம் ஊர் பற்றிய கட்டுரையில் நம் ஊரே இல்லை என்று சொல்லலாம். இவை டிடெக்டரைவிடக் கனமான சான்றுகள், குறிப்பாக இல்லாத மேற்கோள். அதற்கு நேரான பதில் வேண்டும். "எதுவும் உறுத்தல, ரிப்போர்ட் வந்ததாலதான் கூப்பிட்டோம்" என்றால், அந்த எண் ஒன்றுதான் ஆதாரம் என்பது யாரும் வாதாடாமலே மேசைக்கு வந்துவிட்டது.

பிறகு அறிக்கையையும் பதிப்பு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொல்லுங்கள். நம் மாணவியின் கோப்பில் தெரிவது இப்படி இருக்கும். ஞாயிறு மாலை 6:10-க்கு வெறும் தலைப்பு. 6:25-க்கு இரண்டாம் பத்தி பாதி, அதில் லாரி தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தது பற்றி ஒரு வாக்கியம், 'tanker' என்ற சொல் முதலில் எழுத்துப் பிழையோடு. 6:50-க்கு அந்த வாக்கியம் நீக்கப்பட்டு வேறு இடத்தில் வருகிறது. 7:20-க்குத் தொடக்கப் பத்தி ஒரே வீச்சில் முழுசாக முளைக்கிறது, பிழையே இல்லாமல். 7:45 வரை முடிவுரையில் திருத்தம். அவள் வீட்டில் சொன்னது அப்படியே திரையில் இருக்கிறது. டிடெக்டர் சந்தேகப்பட்ட இடங்களில் அந்தத் தொடக்கப் பத்தி இருக்கும். கூடவே அவளே எழுதிய முடிவுரையும் இருக்கும், அது மனப்பாட அச்சு என்பதால்.

இந்த வரலாற்றுக்கும் எல்லை உண்டு என்பதை நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் பதிலைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்தாலும் படிப்படியாகத்தான் தெரியும். மறுபுறம், நோட்டில் எழுதிய கட்டுரையைக் கடைசியில் மொத்தமாகத் தட்டச்சு செய்தால் இயல்பற்ற வேகம் தெரியும். கூகுளும் சில சமயம் பழைய சிறு பதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். பார்க்க வேண்டியது தடுமாற்றத்தை. பார்த்து எழுதுபவர் மேலிருந்து கீழாகப் போவார். யோசித்து எழுதுபவர் நடுவில் தொடங்குவார், நீக்குவார், இடம் மாற்றுவார்.

இப்போது பிள்ளையைக் கூப்பிடலாம். விசாரணைக் கேள்வி வேண்டாம். கட்டுரையிலிருந்து இரண்டு மூன்று கேள்வி, தமிழில் பதில் சொன்னாலும் சரி என்ற நிபந்தனையோடு: "லாரி பத்தின வரியை ஏன் கீழே கொண்டுபோனே?" "இதுல நீ எழுதி, அப்புறம் எடுத்துட்ட விஷயம் ஏதாவது இருக்கா?" எழுதியவளுக்கு இது தெரியும். "எலிக்சர்னா என்ன அர்த்தம் சொல்லு" போன்ற கேள்வியால் பயனில்லை. பயத்தில் தெரிந்த சொல்லும் மறந்துபோகும், மனப்பாடச் சொற்றொடரின் பொருள் தெரியாமலே நேர்மையாக எழுதும் பிள்ளைகளும் ஏராளம்.

அங்கேயே ஒரு பத்தி எழுதிக் காட்டச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. மறுக்க வேண்டாம், ஆனால் எதை ஒப்பிடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்தில், இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எழுதும் ஆங்கிலம் வீட்டில் ஒன்றரை மணி நேரம் எடுத்து எழுதியதைவிட மட்டமாகத்தான் இருக்கும். இலக்கணத்தை ஒப்பிட்டால் எந்தப் பிள்ளையும் தோற்கும். வாதம் அடுக்கும் விதம், வழக்கமாகச் செய்யும் பிழைகள், பிடித்தமான சொற்கள், இவற்றைப் பழைய வகுப்பு நோட்டோடு ஒப்பிடலாம்.

பேச்சு சூடாகும் இடங்கள் மூன்று. "மெஷின் சொல்லுதே சார்" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னால், "எந்த வரியைச் சொல்லுதுன்னு பார்க்கலாமா மிஸ்" என்று வரிக்குக் கொண்டுவாருங்கள். "மத்த பசங்க எல்லாம் பண்றாங்களே" என்பது உங்கள் வாயில் வரக்கூடாது. அது பாதி ஒப்புதல் வாக்குமூலம். மூன்றாவது, பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையை டிடெக்டரில் போட்டு 'இதுவும் ஏஐதான்' என்று காட்டும் ஆசை. அமெரிக்க அரசியல் சாசனத்தையே சில டிடெக்டர்கள் ஏஐ என்று சொன்னது உண்மைதான், சிரிப்பும் வரும். ஆனால் ஆசிரியரை அவர் மேசையிலேயே மடக்கிவிட்டு அவரிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது.

பிள்ளை உண்மையிலேயே செய்திருந்தால்

முழுக் கட்டுரையையும் சாட்ஜிபிடியில் எடுத்ததாக முதல் மாலையிலேயே பிள்ளை சொல்லிவிட்டால், டிடெக்டரின் குறைகளைப் பேச உங்களுக்கு இனி வேலை இல்லை. சந்திப்பு ஐந்து நிமிடத்தில் முடியும்: நடந்ததைச் சொல்வது, திரும்ப எழுதித் தர அனுமதி கேட்பது, தண்டனையின் அளவைப் பேசுவது. சிபிஎஸ்இ ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 20 உள்மதிப்பீடு. ஒரு அசைன்மென்ட் அதில் சிறு துண்டுதான். அந்தத் துண்டில் மார்க் குறைவது நியாயம். அதற்காக நடத்தைப் பதிவில் ஏறுவதோ வகுப்பில் எழுப்பிச் சொல்வதோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். என்ன அனுமதி, என்ன இல்லை என்று அசைன்மென்ட் கொடுக்கும்போது சொல்லியிருந்தார்களா என்பதையும் பணிவாகக் கேட்கலாம்.

முடிவை எழுத்தில் வாங்குவது

எழுந்திருக்கும் முன் என்ன முடிவானது என்று நீங்களே ஒரு முறை சொல்லி, அன்று மாலையே அதே ஆப்பில் அனுப்பிவிடுங்கள். நம் உதாரணத்தில்: "இன்று பேசியபடி, தொடக்கப் பத்தியை மகள் தானாக ஆங்கிலத்தில் எழுதி வெள்ளிக்குள் தருவாள். மீதிக் கட்டுரை அவளுடையது என்று ஏற்றுக்கொண்டீர்கள். அதற்கேற்ப மதிப்பெண் தருவதாகச் சொன்னீர்கள். நன்றி மேடம்." காரசாரமான ஒரு சொல்கூட வேண்டாம். அடுத்த பருவத்தில் ஆசிரியர் மாறினாலும் இந்தச் செய்தி இருக்கும்.

ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே முடிக்கப் பார்க்காதீர்கள். "நாங்க சொன்னதையும் நீங்க சொன்னதையும் சேர்த்து கோஆர்டினேட்டர்கிட்ட கேட்கலாமா மேடம்?" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்குத் தெரியாமல் பிரின்சிபால் அறைக்குப் போனால் இனி எந்தப் பேச்சும் இயல்பாக இருக்காது. கோஆர்டினேட்டரிடம் கொண்டுபோக வேண்டியவை மூன்றே: பதிப்பு வரலாற்றின் படங்கள், பிள்ளையின் பழைய எழுத்து ஒன்றிரண்டு, டிடெக்டரின் பெயரோடு முழு அறிக்கை.

திரும்ப எழுதும் பத்தி பற்றி ஒரு விஷயம். அதையும் டிடெக்டரில் போடுவார்களா என்பதை அன்றே கேட்டு முடிவு செய்யுங்கள். அறுபது சொல் பத்திக்கு எந்தக் கருவியும் நம்பகமாகப் பதில் சொல்லாது. மறுபடி ஒரு எண் வந்தால் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். வகுப்பிலேயோ நூலக நேரத்திலேயோ, இங்கிலீஷ் மிஸ் இருக்கும்போது கையால் எழுதித் தருவதாக வைத்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.